சேரும் தேதியைத் தள்ளிப்போட்டால் கம்பெனி தப்பித்துவிடுமா?

"சார், ஜூலை 7ஆம் தேதி வந்து சேரச் சொல்லி ஆஃபர் லெட்டர் கொடுத்தாங்க. இப்ப தேதியைத் தள்ளிப்போட்டு மெயில் வந்திருக்கு. அந்த லெட்டர் இன்னும் செல்லுமா?"

வக்கீலான என்னிடம் இதைக் கேட்டது கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை. பி.இ. முடித்த கையோடு வந்திருந்தாள். அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவும் கூடவே வந்திருந்தார். "அண்ணாச்சி, சொந்தக்காரங்ககிட்டல்லாம் சொல்லியாச்சு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பருக்கு ஒரு மதிப்பு கிடையாதா?" என்பது அவருடைய கேள்வி.

மதிப்பு உண்டு. தேதியைத் தள்ளிவைத்ததால் மட்டும் ஒப்பந்தம் செத்துப்போகாது. ஆனால் அந்த மதிப்பு எவ்வளவு என்பது இரண்டு விஷயங்களில் இருக்கிறது: லெட்டரில் சேரும் தேதியைப் பற்றிய வரி எப்படி எழுதியிருக்கிறது, தள்ளிவைப்பு மெயிலுக்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது, அதைத்தான் பிள்ளைகள் யோசிக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பார்க்க வேண்டும். கேம்பஸ் தேர்வு முடிந்ததும் ஏழாவது செமஸ்டரில் கொடுப்பது பெரும்பாலும் 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்'. உங்களை எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது, அதை வைத்து வழக்காடுவது கடினம். இந்தப் பிள்ளை கையில் இருந்தது ஆஃபர் லெட்டர். சம்பளம், ஊர், பதவி, சேரும் தேதி எல்லாம் தெளிவாக இருந்தன. மே மாதமே கையெழுத்துப் போட்டு, சம்மதம் என்று மெயிலில் திருப்பி அனுப்பியிருந்தாள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி ஒரு முன்மொழிவைத் திரும்பப் பெறலாம்தான், ஆனால் அதை எதிராளி ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் மட்டும். ஏற்றுக்கொண்ட பிறகு அது வெறும் ஆஃபர் இல்லை, ஒப்பந்தம். அரியர் இல்லாமல் பாஸ் செய்ய வேண்டும் என்று லெட்டரில் ஒரு நிபந்தனை இருந்தது. அதையும் அவள் நிறைவேற்றிவிட்டாள். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததாகவும் கம்பெனியிடமிருந்து தனி மெயில் வந்திருந்தது. அதனால் நிபந்தனை நிறைவேறவில்லை என்று சொல்லிக் கம்பெனி நழுவ வழியில்லை.

அடுத்து தேதி வரி. அவள் லெட்டரில் "ஜூலை 7 அன்று, அல்லது நிறுவனம் தெரிவிக்கும் வேறு தேதியில்" என்று இருந்தது. இந்த 'அல்லது' மிகவும் முக்கியம். அது இல்லாமல் வெறும் தேதி மட்டும் இருந்திருந்தால், ஜூலை 7 அன்று சேர்த்துக்கொள்ளாததே ஒப்பந்த மீறல் என்று நேராக வாதாடலாம். அது இருப்பதால் தேதியை மாற்றக் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது. அதற்காகக் காலமெல்லாம் மாற்றிக்கொண்டே போக முடியாது. காலம் குறிக்காத இடத்தில் நியாயமான காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 46ஆவது பிரிவு. நியாயமான காலம் எது என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மூன்று மாதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் நீதிமன்றம், ஒன்றரை வருடத்துக்கு அப்படிச் சொல்வது சந்தேகம்.

சரி, அவள் என்ன பதில் போட்டிருந்தாள்? ஜூன் கடைசியில் வந்த முதல் மெயிலில் "தொழில் சூழல் காரணமாகத் தேதி தள்ளிவைக்கப்படுகிறது, புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும்" என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரியே அவள் "நன்றி சார், காத்திருக்கிறேன்" என்று அனுப்பிவிட்டாள். மரியாதையான பதில்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். வாக்குப் பெற்றவர் தானாகவே காலத்தை நீட்டித்துக் கொடுக்கலாம் என்கிறது 63ஆவது பிரிவு. சொன்ன தேதி தவறியபின் வேறு தேதிக்கு ஒத்துக்கொண்டால், ஒத்துக்கொள்ளும்போதே "தாமதத்துக்கான இழப்பீட்டை நான் விட்டுக்கொடுக்கவில்லை" என்று தெரிவித்திருந்தால்தான் அதைப் பின்னால் கேட்கலாம் என்கிறது 55ஆவது பிரிவின் கடைசிப் பகுதி. நன்றி சொல்லிக் காத்திருப்பதாக எழுதினால், நாளைக்குக் கம்பெனி வக்கீல் அதை எடுத்து நீட்டி "அந்தப் பெண்ணே சம்மதித்துவிட்டார்" என்பார்.

நல்லவேளையாக ஆகஸ்ட்டில் இரண்டாவது மெயில் வந்தது. புதிய தேதி அக்டோபர் 6, ஆனால் 'உத்தேசமாக'. அதற்கு அவள் இன்னும் பதில் போடவில்லை. உட்கார்ந்து ஒரு பதில் தயார் செய்தோம். எச்.ஆருக்குப் போவதால் ஆங்கிலத்தில்தான் எழுதினோம், சாரம் இதுதான்:

"மே மாதம் நான் ஏற்றுக்கொண்ட ஆஃபர் லெட்டர் நடைமுறையில் இருப்பதாகவே கருதுகிறேன். அக்டோபர் 6 அன்று சேரத் தயாராக இருக்கிறேன். அதை உறுதியான தேதியாக எழுத்தில் தெரிவிக்கவும். உங்கள் லெட்டரை நம்பி வேறொரு வேலையை வேண்டாம் என்றேன், சென்னையில் தங்குவதற்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். இந்தத் தாமதத்தால் ஏற்படும் இழப்பைக் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. சேரும் தேதிவரை வருமானத்துக்காக வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, அதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

சண்டைக் கடிதம் இல்லை இது. "இப்படி எழுதினா கோவிச்சுக்கிட்டு வேலையே இல்லைன்னுட்டா?" என்று அப்பா பயந்தார். நியாயமான பயம்தான். அதனால்தான் 'சேரத் தயார்' என்பதை முன்னால் வைத்து, உரிமையைப் பற்றி ஒரே ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம். வக்கீல் நோட்டீஸாக இல்லாமல் அவள் பெயரிலேயே, அவள் மெயிலிலிருந்தே அனுப்பினோம். இந்தக் கட்டத்தில் என் லெட்டர்ஹெட் போனால் காரியம் கெட்டுப்போகும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: கோர்ட்டுக்குப் போனால் வேலையை வாங்கித் தருமா? தராது. ஆளின் திறமையையும் பரஸ்பர நம்பிக்கையையும் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லித் தனியார் கம்பெனிக்கு உத்தரவு போடுவதில்லை. குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 1963இன் 14ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்காது. கிடைப்பது பணம் மட்டும்தான். அதுவும் பலர் நினைப்பதுபோல ஒரு வருடச் சம்பளம் இல்லை. (அரசு வேலை வேறு கதை, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அவள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். பயிற்சிக் காலத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து யாரும் விலகலாம், விலக்கலாம் என்று லெட்டரில் இருந்தது. கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டு மறுநாளே நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் 30 நாள் சம்பளத்தோடு அனுப்பியிருக்க முடியும். அதனால் நீதிமன்றம் பொதுவாக அந்த அளவைத்தான் இழப்பாகப் பார்க்கும்: 30,000. பெருங்குடியில் பி.ஜி.க்குக் கொடுத்த 10,000 முன்பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது. தங்குமிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று கம்பெனியே மெயில் போட்டிருந்ததால் அந்த 5,000 ரூபாயையும் கேட்கலாம். ஆக 35,000.

திருநெல்வேலியிலேயே மாதம் 18,000க்கு வந்த ஒரு வேலையை ஜூன் மாதம் வேண்டாம் என்றிருந்தாளே, அது? மீறலால் இயல்பாக ஏற்படும் இழப்பையும், இரு தரப்புக்கும் ஒப்பந்தம் போடும்போதே தெரிந்திருந்த இழப்பையும்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு தரும். அப்படி ஒரு வேலை வந்தது கம்பெனிக்குத் தெரியவே தெரியாது, அதனால் அதைக் கணக்கில் சேர்ப்பது கடினம். கடிதத்தில் அதைச் சொன்னது பழைய இழப்பை மீட்க இல்லை. இனி மேலும் தள்ளிப்போட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தார்கள் என்று காட்டத்தான்.

அதே 73ஆவது பிரிவின் விளக்கம், இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கேஸுக்கு நல்லது என்று வீட்டில் சும்மா இருந்தால் அது கேஸுக்கே எதிராகத் திரும்பும். வேறு வேலை பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த இடைக்கால வேலையில் பி.எஃப். பிடித்தால் உங்கள் யு.ஏ.என். கணக்கில் அது பதிவாகும். பின்னால் பெரிய கம்பெனியின் சரிபார்ப்பில் அது தெரியவரும். மறைத்தால், மறைத்ததையே காரணமாகக் காட்டி வெளியே அனுப்புவார்கள். அதனால்தான் கடிதத்தில் அந்தக் கடைசி வரி.

சான்றுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேம்பஸ் தேர்வுக்கு நிறையப் பேர் கொடுத்திருப்பது கல்லூரி மெயில் ஐ.டி. படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் கல்லூரி அதை மூடிவிடும், சம்மதம் அனுப்பிய மெயிலும் அதோடு போய்விடும். கம்பெனி போர்ட்டலில் மட்டும் இருக்கும் ஆஃபர் லெட்டரும் அப்படித்தான், ஒரு நாள் லாகின் வேலை செய்யாது. இன்றைக்கே பி.டி.எஃப். ஆக இறக்கி, மெயில்களைச் சொந்த ஐ.டி.க்கு அனுப்பி வையுங்கள். மூல மெயில் திறக்கிற நிலையில் இருப்பது இன்னும் நல்லது. ஏனென்றால் மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023இன் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வைக்க வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தீர்கள் என்று அதில் சொல்ல வேண்டியிருக்கும். எச்.ஆர். வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட செய்திகளுக்கும் இதுதான். குரூப்பை விட்டு வெளியேறும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

தள்ளிவைப்பு மெயிலோடு "இடத்தை உறுதிசெய்ய டெபாசிட் கட்டுங்கள்" என்று வந்தால் இதெல்லாம் பொருந்தாது. அது மோசடி. 1930க்கு அடித்துப் புகார் சொல்லிவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள்.

கடைசியாக, எங்கே வழக்குப் போடுவது? பெரும்பாலான லெட்டர்களில் சென்னை அல்லது பெங்களூரு நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஊர் கோர்ட்டுக்கு இயல்பாகவே அதிகாரம் இருந்தால் அந்த வரி செல்லும். வேலை ஒப்பந்தங்களுக்கும் அது பொருந்தும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 35,000 ரூபாய்க்காகப் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு வாய்தா வாய்தாவாக ரயிலேறினால் டிக்கெட் செலவே பாதியைத் தின்றுவிடும். அதனால்தான் நான் வழக்கைவிடக் கடிதத்தை நம்புகிறேன். கடிதம் பலிக்காவிட்டால், நெல்லை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

வழக்குப் போடக் காலவரம்பு, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 3 வருடம். நீங்கள் சம்மதித்து நீட்டித்திருந்தால் அந்த நாள் பழைய ஜூலை 7 இல்லை. புதிய தேதியும் தவறிய நாள், அல்லது "உங்களை எடுக்கப்போவதில்லை" என்று அவர்கள் எழுதிய நாள்.