யூரியா குறைவாக இருப்பது எப்போதும் நல்ல செய்தியல்ல

சிறுநீரக நோயை அயலில் கண்டு அஞ்சிய வன்னி மக்களுக்கு, இரத்தத்தில் யூரியா கூடினால் ஆபத்து என்பது நன்றாகத் தெரியும். அந்த அறிவே சில வேளை கண்ணை மறைத்துவிடுகிறது. பிறந்து மூன்றாம் நாளில் பால் உறிஞ்ச மறுத்து, வாந்தியெடுத்து, எழுப்பியும் எழும்பாமல் கிடந்த ஓர் ஆண்குழந்தையின் தந்தை, "யூரியா குறைவாகத்தானே இருக்குது, டொக்டர்" என்று ஆறுதலடைந்தார். இதே ஆறுதலை மருத்துவர்களிடமும் கண்டு சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

யூரியா நஞ்சன்று, நஞ்சு அமோனியா. புரதம் உடையும்போது அமினோ அமிலங்களிலிருந்து கழலும் நைதரசனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ஆகவே யூரியா மிகக் குறைந்திருப்பது, கழிவே உண்டாகவில்லை என்பதற்கு மட்டுமன்றி, கழிவு யூரியாவாக மாறவில்லை என்பதற்கும் அடையாளமாகலாம். பச்சிளங்குழந்தைக்கு யூரியா இயல்பாகவே குறைவுதான். ஆனால் மயங்கிக் கிடக்கும் குழந்தையில் அது அளவிடமுடியாதபடி தாழ்ந்திருந்தால், அந்த எண்ணைக் கடந்து போகாதீர்கள்.

இக்குழந்தைக்குக் கிருமித்தொற்று என்று மருந்து தொடங்கியிருந்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் குழந்தை வேகமாக மூச்சுவிட்டதால் இரத்தம் காரத்தன்மை அடைந்திருந்தது. கடுந்தொற்றில் பெரும்பாலும் அமிலத்தன்மையே கூடும். அமோனியாவோ மூளையின் சுவாச மையத்தைத் தூண்டுகிறது. பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்பிய இரத்தத்தில் அமோனியா லீற்றருக்கு 780 மைக்ரோமோல் இருந்தது; நலமான பச்சிளங்குழந்தையில் 100 ஐத் தாண்டுவதே அரிது. யூரியா உண்டாகும் வழியில் இடைப்பொருளான சிற்றுலின் குறைந்தும் சிறுநீரில் ஒரோற்றிக் அமிலம் கூடியும் இருந்தமை, ஓர்னிதைன் திரான்சுகார்பமைலேசு என்ற நொதியத்தின் குறைபாட்டைக் காட்டின. அந்நொதியம் இயங்காவிட்டால் அமோனியாவிலிருந்து உண்டான கார்பமைல் பொஸ்பேற்று சிற்றுலினாகாமல் தேங்குகிறது. அமோனியாவை யூரியாவாக்கும் சுழற்சி அங்கேயே நின்றுவிடுகிறது. மூளைக்குள் சேரும் அமோனியா குளுற்றமீனாகி, கலங்களை வீங்கச் செய்கிறது. இந்த வீக்கத்துக்கு அன்ரிபயோற்றிக் எதுவும் செய்யாது. புரதத்தை ஓரிரு நாள் மட்டும் நிறுத்தி, குளுக்கோசினால் சக்தியளித்து, அமோனியாவைக் குறைக்க சோடியம் பென்சோவேற்று, ஆர்ஜினின் கொடுத்து, தேவையெனில் இரத்தச் சுத்திகரிப்புக்கு உடனே அனுப்பவேண்டும். மணித்தியாலங்கள்தான் கணக்கு.

பிறகு விசாரித்தபோது, தாயின் இரு சகோதரர்கள் இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்து முதல் வாரத்திலேயே இறந்ததாக அம்மம்மா சொன்னார். காய்ச்சல் என்று நினைத்தார்களாம். இக்குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவது. சொந்தத்துக்குள் மணமுடித்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை, தாயின் பாலையும் குறைசொல்ல வேண்டாம். தாய் இக்குறைபாட்டைச் சுமக்கும் காவியாயின், ஒவ்வொரு மகனுக்கும் அது வரப் பாதி வாய்ப்பு உண்டு.

தாய்வழியில் ஆண்குழந்தைகள் பிறந்த சில நாட்களில் இறந்திருந்தால், தயவுசெய்து அதைக் கர்ப்ப காலக் கிளினிக்கிலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தாயின் சகோதரிகளும் சொல்லவேண்டும். அப்படிப்பட்ட பிரசவத்தை, அமோனியா அளக்கக்கூடிய வைத்தியசாலையில் முன்கூட்டியே ஒழுங்குசெய்யலாம்.