கண்ணுக்கு ஒரே ‘கொ’, கணினிக்கு இரண்டு

“கணினியில் போட்டால் திறக்கிற பாஸ்வேர்டு, போனில் போட்டால் தவறு என்கிறது. கண் படத்தைத் தட்டிப் பார்த்துவிட்டேன், ஓர் எழுத்துகூட மாறவில்லை” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய பாஸ்வேர்டில் ‘கொய்யா’ என்ற தமிழ்ச் சொல் இருந்திருக்கிறது. இப்போது மாற்றிவிட்டார், அதனால் சொல்லலாம்.

வழக்கமான காரணங்களை முதலில் முடித்துவிடுவோம். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, எந்த இடத்து விசை அழுந்தியது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அது எந்த எழுத்து என்பதைக் கணினியின் அமைப்பு முடிவு செய்கிறது. அமைப்பு பிரிட்டிஷ் முறைக்கு மாறியிருந்தால், ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தும்போது @ வராது, " வரும். கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் a-க்குப் பதில் A.

கணினிக்குள் A என்பது 65, a என்பது 97. இரும எண்ணில் ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு. “இவ்வளவு நெருங்கிவிட்டேனே, கேப்ஸ் லாக்கைப் பார் என்று தளம் சொல்லக்கூடாதா?” என்று தோன்றும். ஆனால் ஒழுங்காகக் கட்டிய தளத்திடம் உங்கள் பாஸ்வேர்டே கிடையாது. அதை அரைத்து எடுத்த ஹாஷ் மட்டும்தான் இருக்கும். மாவைப் பார்த்து எந்த அரிசி என்று சொல்ல முடியாத மாதிரி, ஹாஷிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்ப வழியில்லை. SHA-256 என்ற முறையில் இரண்டு எழுத்துகளையும் அரைத்தால் தொடக்கம் இப்படி வரும்:

```
a  ca978112...
A  559aead0...
```

ஒரு பிட் மாறினால் மொத்தமும் தலைகீழ். ‘கிட்டத்தட்ட சரி’ என்பதே இங்கே இல்லை. எனக்கு அலுக்காத அழகு இது. பாஸ்வேர்டுக்கென்று bcrypt போன்ற மெதுவான முறைகள் உண்டு, அடிப்படை இதேதான்.

இனி கொய்யாவுக்கு வருவோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ‘ொ’ என்ற ஒரே குறி சேர்வது ஒன்று (U+0B95 U+0BCA). க-வோடு ‘ெ’, ‘ா’ என்று இரு குறிகள் சேர்வது இன்னொன்று (U+0B95 U+0BC6 U+0BBE). திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். அந்த எண்களைப் பைட்டுகளாக்கும் UTF-8 முறையில் முதலாவது 6 பைட், அடுத்தது 9 பைட். ஹாஷ் பைட்டுகளைத்தான் அரைக்கும், அதற்குக் கண் கிடையாது.

இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. அரைக்கும் முன் NFC என்ற வடிவத்துக்கு மாற்றினால் இரண்டு ‘கொ’வும் ஒன்றாகிவிடும். 2017-இல் வந்த RFC 8265 என்ற இணையத் தர ஆவணம் அதைத்தான் சொல்கிறது. நிரலில் ஒரே ஒரு வரி வேலை. தமிழில் ஒருமுறை தட்டிச் சோதிக்காமல் தளத்தை வெளியிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் கீபோர்டு எந்த ரகம் என்று பார்க்க, குறிப்புச் செயலியில் ‘கொ’ தட்டி, பேக்ஸ்பேஸை ஒரே முறை அழுத்துங்கள். பல செயலிகளில் கடைசிக் குறி மட்டும் அழியும். வாசகரையும் செய்யச் சொன்னேன். கணினியில் ‘க’ மிஞ்சியது, போனில் ‘கெ’ மிஞ்சியது.