வெட்டி ஒட்டும் முன் வெயிலைப் படியுங்கள்

வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படத்தில், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனையும் சேர்த்துத் தரச் சொல்லி ஸ்டூடியோவுக்கு அடிக்கடி வருவார்கள். எவ்வளவு சுத்தமாக வெட்டி வைத்தாலும் சில படங்களில் அவர் மட்டும் தனியாகத் தெரிவார். பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். அதனால் அண்ணன் படத்தைத் திறப்பதற்கு முன்பே வாசல் படத்தை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும்.

அண்மையில் வந்த ஒரு படத்தில், சுண்ணாம்பு அடித்த 4 அடி கேட் தூண் ஒன்று இருந்தது. அதன் நிழல் தரையில் இடப்பக்கமாக 6 டைல் தாண்டி, சற்றே பின்னால் சாய்ந்து விழுந்திருந்தது. ஒவ்வொரு டைலும் ஓர் அடி. அப்படியானால் நிழல் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. சூரியன் வலப்பக்கம், சற்றே கேமரா இருக்கும் புறமாக, ஏறத்தாழ 34 டிகிரி உயரத்தில் இருந்திருக்கிறது. நிழலை ஸ்கேல் வைத்து அளக்காமல் டைலை எண்ணியதற்குக் காரணம் உண்டு. கேமராவை நோக்கியோ விலகியோ விழும் நிழல் படத்தில் குறுகித் தெரியும்.

அடுத்தது நிறம். இங்கேதான் பலரும் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் ஒரே ஒரு கெல்வின் எண்ணைத் தேடுகிறார்கள். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஏற்கெனவே நிறத்தை நகர்த்திவிட்டது. ஜேபெக் படத்தில் அந்த எண் கிடைக்காது. தேவைப்படுவது இரண்டு நிறங்கள்: வெயில் பட்ட இடத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. நிறத்தை அளக்கும் ஐட்ராப்பரை 5 x 5 பிக்சல் சராசரியில் வைத்துத் தூணின் இரு பக்கங்களையும் தொட்டேன். வெயில் பக்கம் சிவப்பு 236, பச்சை 229, நீலம் 214. நிழல் பக்கம் 112, 119, 131. வெயில் மஞ்சள் சாய்ந்திருக்கிறது. நிழலை நிரப்புவது வானம் என்பதால் அது நீலம். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பது நம் ஊர் வழக்கம், ஆகவே தூணின் சொந்த நிறத்தை நம்ப முடியாது. ஆனால் ஒரே பரப்பின் இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

இதை அண்ணன் மீது கர்வ்ஸில் வைக்க வேண்டும். முதலில் அவர் சட்டையின் வெள்ளையை நடுநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு நீலச் சேனலில் வெளிச்சப் பகுதியைச் சற்று இறக்கி, இருட்டுப் பகுதியைச் சற்று ஏற்றுவேன். தரை சிவப்பு டைல் என்றால் தாடைக்குக் கீழே லேசான செம்மையும் வேண்டும்.

வெளிச்சத்தின் திசை மாறியிருந்தால் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பாதீர்கள். சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும், தலை வகிடு மாறும், வீட்டார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஜன்னலோரம் எடுத்த மென்மையான வெளிச்சத்தைக் கடும் வெயிலாக்கவும் முடியாது. புதுப் படம் கேட்பதே நல்லது. "அண்ணே, வெயிலில் நில்லுங்க, வெயில் உங்க இடது கன்னத்துல படணும், நிழல் உங்க உயரத்துல ஒன்றரை மடங்கு இருக்கும்போது எடுக்கச் சொல்லுங்க" என்றால் போதும், மணி சொல்லத் தேவையில்லை. லண்டனில் டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் 15 டிகிரியைத்தான் எட்டும். அங்கிருப்பவருக்கு, வீட்டார் போர்டிகோ நிழலில் எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று கேட்டு, அதை அடிப்படையாக வைத்துக்கொள்வேன்.