வெறும் தட்டும் எடை காட்டும்

காலையில் 448 கிராம் காட்டிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மதியம் 453 காட்டுகிறது. 450இல் பிரிக்கச் சொல்லியிருந்தால், ரோபோவின் கை அதே பழத்தைத் தூக்கி பெரிய பழங்களின் பெட்டிக்குள் போடும். யாழ்ப்பாணத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே லோட் செல் வைத்து நிறுப்பவர்களுக்கு இந்த 5 கிராம் பழகிய தலையிடி.

லோட் செல் என்பது நடுவில் துளையிட்ட ஓர் அலுமினியச் சட்டம். அதில் ஒட்டிய நான்கு திரிபுமானிகளில், சுமை ஏறும்போது இரண்டின் தடை கூடும், இரண்டின் தடை குறையும். 5 கிலோ செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையிலும் வெளிவருவது பொதுவாக 5 மில்லிவோல்ட் அளவுதான். அதாவது கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். HX711 பலகை அதை 128 மடங்கு பெருக்கி 24 பிட் எண்ணாக்கும்போது, ஒரு கிராம் சுமார் 430 எண்களாகிறது.

அளவுதிருத்தத்துக்கு இரண்டு வாசிப்புகள் போதும். வெறும் தட்டில் 84,200 என்றும், 500 கிராம் படிக்கல் வைத்ததும் 2,98,700 என்றும் வந்ததாக வைப்போம். வித்தியாசம் 2,14,500. அதை 500ஆல் வகுத்தால் கிராமுக்கு 429. சிறு பழத்துக்காக 50 கிராம் கல்லைக் கொண்டு இதைச் செய்ய வேண்டாம். கல் சிறிதானால் வாசிப்பின் நடுக்கமே கணக்கைக் கெடுத்துவிடும்.

மதியம் வெறும் தட்டு 86,345 காட்டினால் 2,145 கூடியிருக்கிறது. சரியாக 5 கிராம். உடனே எல்லாவற்றையும் புதிதாகத் திருத்த அவசரப்பட வேண்டாம். அதே கல்லை வையுங்கள். 3,00,845 வந்தால் வித்தியாசம் இன்னும் 2,14,500தான். பூச்சியம் மட்டும் நகர்ந்திருக்கிறது, 429 அப்படியே இருக்கிறது. வெப்பத்தால் வரும் நகர்வு பெரும்பாலும் இந்த வகைதான். வித்தியாசமே மாறியிருந்தால் கதை வேறு: தட்டு எங்கேயோ முட்டுகிறதா, வயர் இழுக்கிறதா, திருகு தளர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பூச்சிய நகர்வை ரோபோவே சரிசெய்துகொள்ளலாம். ஒரு பழம் போய் அடுத்தது வருவதற்குள் தட்டு வெறுமையாகும் நேரம் அதற்குக் கிடைக்கிறது:

```
if (empty && abs(raw - zero) < 860)
  zero += (raw - zero) / 16;
```

860 என்பது 2 கிராம். `empty` என்பதை எடையைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. தட்டுக்கு மேலே ஓர் அகச்சிவப்பு உணரி வைத்துத் தீர்மானிக்க வேண்டும். 2 கிராமைத் தாண்டி ஏதும் ஒட்டியிருந்தால் அதைப் பூச்சியமாக ஏற்காமல் நிறுத்தி, ஆளைக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நசிந்த பழத்தின் துண்டு ஒன்று தட்டில் கிடந்து, அதன் எடை பூச்சியத்தோடு சேர்ந்துவிடும்.

இந்த வரிகளால் பிடிக்க முடியாத நகர்வும் உண்டு. கை பழுதாகி, பழம் தட்டிலேயே பல நிமிடம் கிடந்தால் சட்டம் மெல்ல மெல்ல இன்னும் கொஞ்சம் வளைந்து, வாசிப்பு ஊர்ந்துகொண்டே போகும். பழத்தை எடுத்த பிறகும் அது திரும்பச் சிறிது நேரமெடுக்கும். ஆகவே ஒவ்வொரு பழத்துக்கும் ஒரே நேர இடைவெளியில், பழம் விழுந்த அதிர்வு அடங்கியதும் வாசிப்பதே நல்லது. வினாடிக்கு 10 வாசிப்பு வேகத்தில் HX711 நிலைபெறவே 400 மில்லிசெக்கன் ஆகும்.