பேசிய தொகையிலிருந்து வரியைப் பிரிப்பது எப்படி?

கடை பில்களைப் பார்த்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. மாதம் பிறந்தால் மேஜைக்கு வரும் பில் கட்டுகளில் ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் பேரம் பேசி, “எல்லாம் சேர்த்து இருபதாயிரம், அதுக்கு மேல ஒரு ரூபாய் இல்ல” என்று முடித்துவிடுவார். கடைக்காரரும் சரி என்று பணத்தை வாங்கிக்கொள்வார். பில் போடும்போதுதான் சிக்கல் வரும். இருபதாயிரத்தில் பொருளின் விலை எவ்வளவு, வரி எவ்வளவு?

ஒரு வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். வரி 18 சதவீதம், பேசி முடித்த தொகை 20,000 ரூபாய். கால்குலேட்டரில் 20,000 அடித்து 18 சதவீதம் போட்டால் 3,600 வரும். அதைக் கழித்துவிட்டு, விலை 16,400, வரி 3,600 என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டினால் இருபதாயிரம் சரியாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் 16,400-க்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள். 2,952 தான் வரும். பில்லில் உள்ள 3,600 என்பது அந்த விலைக்குக் கிட்டத்தட்ட 22 சதவீத வரி. அப்படி ஒரு விகிதமே ஜிஎஸ்டியில் கிடையாது.

காரணம் எளிது. 18 சதவீதம் என்பது வரி சேராத விலையின் மேல் போடுவது. விலை 100 பங்கு என்றால் வரி 18 பங்கு, வாடிக்கையாளர் கொடுப்பது 118 பங்கு. நம் கையில் இருக்கும் இருபதாயிரம் அந்த 118 பங்குதான். அதனால் வரியை எடுக்க 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்க வேண்டும். 20,000 × 18 ÷ 118 = 3,050.85. மீதி 16,949.15 பொருளின் விலை. சிஜிஎஸ்டி விதிகளில் 35-ஆம் விதி சொல்வதும் இதையேதான்: வரி சேர்ந்த தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறோடு விகிதங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும்.

3,600-க்கும் 3,050.85-க்கும் வித்தியாசம் 549.15. இது யார் தலையில் விழும்? கடைக்காரர் தலையில்தான். பில்லில் வரி என்று போட்டு வாங்கிய தொகை முழுவதையும் அரசுக்குக் கட்டியாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 76-ஆம் பிரிவு. “தப்பா அதிகமாப் போட்டுட்டேன் சார், சரியான வரியை மட்டும் கட்டிடறேன்” என்று பேசாமல் இருந்துவிட முடியாது. வாங்கியவரும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் இன்னொரு தலைவலி. அவர் கையில் உள்ள பில் 3,600 என்று சொல்லும். போர்ட்டலில் மதிப்பு 16,400, விகிதம் 18 என்று பதிந்தால் அது தானாகக் கணக்குப் போட்டு 2,952 என்று காட்டும். அவர் போன் செய்து கேட்கும்போதுதான் பல கடைக்காரர்களுக்கு விஷயமே தெரியவருகிறது. இப்படி அதிகமாக வரி போட்ட பில்லைக் கிரெடிட் நோட் மூலம் சரிசெய்யலாம். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அதை ரிட்டர்னில் காட்டலாம். அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு வாய்ப்பு முடிந்துவிடும்.

இதைச் சரியாகத் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளூர் விற்பனையில் 18 சதவீதம் என்பது சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று இரண்டாகப் பிரியும். பில்லில் 9 என்று பார்த்ததும் 109-ஆல் வகுக்கத் தோன்றும். 20,000 × 9 ÷ 109 போட்டால் 1,651.38 வரும். அது தவறு. பெருக்குவது 9 ஆக இருந்தாலும் வகுப்பது 118 தான், ஏனென்றால் வாடிக்கையாளர் கொடுத்த தொகைக்குள் இரண்டு வரியும் சேர்ந்தே இருக்கின்றன. 20,000 × 9 ÷ 118 = 1,525.42. இதுதான் சிஜிஎஸ்டி. எஸ்ஜிஎஸ்டியும் அதே தொகை. வெளிமாநிலத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக 3,050.85 வரும்.

இப்போது இந்தப் பில்லைக் கூட்டிப் பாருங்கள். 16,949.15 + 1,525.42 + 1,525.42 = 19,999.99. ஒரு பைசா குறைகிறது! இந்த ஒரு பைசாவுக்காக எஸ்ஜிஎஸ்டியை 1,525.43 என்று மாற்றி எழுதிய பில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு வரிக்கும் விகிதம் ஒன்றுதான், மதிப்பும் ஒன்றுதான். தொகை மட்டும் எப்படி வேறாகும்? வரியைத் தொடாமல், கீழே ‘ரவுண்டு ஆஃப்’ என்று ஒரு லைன் சேர்த்து 0.01 போட்டால் முடிந்தது. இ-இன்வாய்ஸிலும் ரவுண்டு ஆஃபுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

எக்செலில் பில் போடுகிறவர்களுக்கு இரண்டே சூத்திரம் போதும். B2-இல் வாங்கிய மொத்தத் தொகை, C2-இல் வரி விகிதம் (18 அல்லது 5). முதல் சூத்திரம் பொருளின் விலையைத் தரும். இரண்டாவது, சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய தொகையைத் தரும்.

```
=ROUND(B2*100/(100+C2),2)
=ROUND(B2*C2/2/(100+C2),2)
```

ஒரே பொருள் என்றால் இத்தோடு வேலை முடிந்தது. உண்மையான சிக்கல் பாத்திரக் கடைகளில்தான் வரும், அதுவும் சீர்வரிசை வாங்க வரும்போது. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு 5 சதவீதம், மிக்ஸிக்கு 18 சதவீதம். விலைச் சீட்டுப்படி வரி உட்பட பாத்திரங்கள் 18,000, மிக்ஸி 7,000, மொத்தம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். பெண் வீட்டார் பேசிப் பேசி 24,000-க்கு முடிக்கிறார்கள். இந்த 24,000-ஐ 118-ஆல் வகுப்பதா, 105-ஆல் வகுப்பதா?

எதுவும் வேண்டாம். முதலில் தள்ளுபடியைப் பிரியுங்கள், அப்புறம் வரியைப் பிரியுங்கள். 25,000-க்கு 1,000 தள்ளுபடி என்றால் 4 சதவீதம். அதை இரண்டு பொருளுக்கும் அதே விகிதத்தில் குறைத்தால் பாத்திரம் 17,280, மிக்ஸி 6,720. இரண்டும் சேர்ந்து 24,000. இனி ஒவ்வொன்றையும் அதனதன் விகிதத்தில் பிரிக்கலாம்.

பாத்திரத்தில் 17,280 × 5 ÷ 105. இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு: 5 சதவீதப் பொருளில் மொத்தத்தை 21-ஆல் வகுத்தாலே வரி வந்துவிடும். 822.86 வருகிறது, விலை 16,457.14. மிக்ஸியில் 6,720 × 18 ÷ 118 = 1,025.08. விலை 5,694.92. மொத்த வரி 1,847.94. எல்லாவற்றையும் கூட்டினால் 24,000 அச்சாக வருகிறது, ரவுண்டு ஆஃபே தேவையில்லை.

“மிக்ஸிக்குத்தானே வரி அதிகம், ஆயிரம் ரூபாய் தள்ளுபடியையும் அதிலேயே காட்டிட்டா என்ன?” என்று கேட்காத கடைக்காரர் கிடையாது. மிக்ஸி கம்பெனி அந்த மாதம் உண்மையிலேயே தள்ளுபடி கொடுத்து, நீங்கள் எல்லோருக்கும் அதே விலையில் விற்றிருந்தால் காட்டலாம். மொத்தத்துக்குப் பேசிய தள்ளுபடியை ஒரே பொருளின் மேல் ஏற்றினால், ஆடிட்டில் கேட்கும்போது காரணம் சொல்ல முடியாது. விலைச் சீட்டு விகிதப்படி பிரித்ததற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தள்ளுபடி பில்லிலேயே தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். பில்லில் காட்டாமல் கையில் திருப்பிக் கொடுத்த ஆயிரத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் வரி கட்டுவீர்கள்.

அவசரத்தில் சிலர் பில்லில் ‘சீர் செட் - 1, ரூ. 24,000’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். இது பெரிய வம்பு. இயல்பாகச் சேர்ந்து விற்காத பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்றால், அதில் எந்தப் பொருளுக்கு வரி அதிகமோ அந்த விகிதமே மொத்தத்துக்கும் பொருந்தும். 24,000 × 18 ÷ 118 என்றால் வரி 3,661.02. பொருள் பொருளாக விலை பேசி எடுத்த பில்லில் 1,847.94 கட்டவேண்டிய இடத்தில், எழுதிய விதத்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு வரியை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பாத்திரங்களுக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 ஆனது. பில்லிங் மென்பொருளில் பழைய விகிதம் மாற்றப்படாமல் கிடந்தால், வரி சேர்ந்த விலையை அடித்தவுடன் அது அமைதியாக 112-ஆல் வகுத்துவிடும். வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை மாறாததால் கவுண்டரில் யாருக்கும் தெரியாது. 17,280-க்கு 822.86 வரவேண்டிய இடத்தில் 1,851.43 வரி போயிருக்கும். கண்டுபிடிக்க ஒரு பில்லை எடுத்து, வரியை விலையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் விகிதமே வர வேண்டும், பைசா அளவில் மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 12 என்று வந்தால் ஐட்டம் மாஸ்டரைத் திறந்து பாருங்கள். 21.95 என்று வந்தால் பில் போட்டவர் மொத்தத்தில் சதவீதம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. அதனால் பிரித்துக் காட்ட ஒன்றும் இல்லை, முழுத் தொகையும் விற்பனைதான். அவர்கள் கொடுப்பது டாக்ஸ் இன்வாய்ஸ் அல்ல, ‘பில் ஆஃப் சப்ளை’. தான் காம்போசிஷன் வரிதாரர், வரி வசூலிக்கத் தகுதி இல்லை என்ற வாசகம் அதன் மேலேயே இருக்க வேண்டும். அந்தப் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி அச்சாகி வந்தால், மென்பொருள் போட்டுக் கொடுத்தவரை உடனே கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்லுங்கள்.