சலூன் கதிரைகளை விற்கப் போகிறீர்களா? பழைய பில்லை ஒரு பக்கம் வையுங்கள்

திருகோணமலையில் சலூன், பார்லர் கதிரைகளுக்குப் பம்ப் மாற்றுவதும் தலை கழுவும் பேசின் பொருத்துவதும் என் தொழில். கடையை மூடுகிறவர்களும் புதுச் சாமான் போடுகிறவர்களும் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் நான் போகும்போது யாரோ ஒரு வியாபாரிக்கு ஏற்கெனவே பாதி தலையாட்டியிருப்பார்கள்.

உப்புவெளியில் ஒரு அக்காவின் பார்லரிலும் அப்படித்தான். மகளோடு இருக்க வெளிநாடு போகிறார், கடைச் சாவியை மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். உள்ளே இரண்டு ஹைட்ரோலிக் கதிரை, கழுவும் பேசினோடு சேர்ந்த சாய்வுக் கதிரை ஒன்று, முடிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமர், சுவரில் அடித்த இரண்டு கண்ணாடி மேசை. எல்லாவற்றுக்கும் சேர்த்து 45,000 ரூபா தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார்.

"தம்பி, பில் இருக்கு. 2019இல கதிரை ஒண்டு 32,000. இத்தனை வருஷம் பாவிச்சது, 15,000 கிடைச்சாலே போதும் எண்டு நினைச்சன்" என்றார்.

அந்தப் பில்தான் அவரை ஏமாற்றியது. 2019இல் ஒரு டொலர் 180 ரூபா அளவில் இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அப்புறம் இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சலூன் கதிரைகள் பெரும்பாலும் இறக்குமதிதான். ஆகவே வாங்க வருகிறவர் உங்கள் பில்லைப் பார்த்து விலை போடப் போவதில்லை. இன்று கொழும்பில் அதே மாதிரிக் கதிரையைப் புதிதாக வாங்கினால் என்ன விலை, அதில் எவ்வளவு மிச்சம் என்றுதான் கணக்குப் போடுவார். நாங்களும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். கதிரையின் படத்தை வட்ஸ்அப்பில் இரண்டு கடைகளுக்கு அனுப்பிக் கேட்டோம். ஒன்று 78,000 என்றது, மற்றது 85,000. நடுவில் 80,000 என்று வைத்துக்கொண்டோம்.

நல்ல நிலையில் இருக்கும் கதிரைக்குப் புது விலையில் பாதி கேட்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு. பழுது இருந்தால் அதைச் சரிசெய்யும் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். நல்ல நிலையா இல்லையா என்பதை ரெக்சினைப் பார்த்துச் சொல்ல முடியாது. கதிரையின் உயிர் பம்பில் இருக்கிறது.

சோதிப்பது லேசு. மிதியை மிதித்துக் கதிரையை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். 70 கிலோ அளவில் ஒருவரை உட்கார வைத்து, தரையிலிருந்து இருக்கையின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். உயரம் அப்படியே இருந்தால் பம்ப் நல்லது. ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கோளாறு. கீழ்த்தட்டைச் சுற்றி விரலால் தடவி, எண்ணெய் ஒட்டினால் சீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரலில் எண்ணெய் ஒட்டாமலே கதிரை இறங்கினால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை. மிதிக்கும்போது மெத்து மெத்தென்று அமிழ்ந்து கதிரை ஏறாவிட்டால் எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது காற்று புகுந்திருக்கும். இந்தக் கடைசிக் கோளாறைப் பார்த்துப் பயந்து விலையைக் குறைக்காதீர்கள். இறக்கி ஏற்றிப் பல தடவை மிதித்தால் காற்று வெளியேறிச் சரியாகிவிடுவதும் உண்டு.

எங்கள் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடல் காற்று. கதிரையைச் சரித்து அடியைப் பாருங்கள். மேலே குரோம் பூச்சு பளபளத்தாலும், இருக்கைப் பலகையைப் பிடிக்கும் ஆணிகள் துருப்பிடித்துப் பிடி விட்டிருக்கும். உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் ஆட்டினால் 'கடக்' என்று சத்தம் வரும். ஆணி மாற்றுவது சின்னச் செலவு, செய்துவிடுங்கள். கிழிந்த ரெக்சினையும் வாகன சீட்டுக்குக் குஷன் அடிக்கிறவரிடம் கொடுத்து மாற்றினால் போட்ட காசு திரும்பும். பூச்சுப் போன கீழ்த்தட்டுக்குத் திரும்பப் பூச்சுப் போடுவது வீண் செலவு.

அக்காவின் முதல் கதிரை அசையவில்லை, 40,000 பெறும். இரண்டாவது இரண்டு அங்குலம் இறங்கியது, அடியில் எண்ணெய் ஈரம். பம்ப் மாற்றக் கூலியோடு 14,000 ஆகும். அப்படியானால் 26,000. பேசின் கதிரையின் புது விலை 75,000. பேசினை நிரப்பி அரை மணித்தியாலம் விட்டோம், ஒழுகவில்லை. ரெக்சின் மட்டும் வெடித்திருந்தது. 30,000 என்று போட்டோம்.

ஸ்டீமரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தொட்டிக்குள் கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படிவு விரல் தடிப்பில். மின்சாரம் கசியும் சாமானை 'வேலை செய்யும்' என்று யாருக்கும் விற்கக் கூடாது. உதிரிப் பாகத்துக்கென்று 1,500க்கு நானே எடுத்துக்கொண்டேன். கண்ணாடி மேசைகள் செய்ய அந்தக் காலத்தில் 60,000 போனதாம். கேட்கவே கவலைதான். ஆனால் அந்தச் சுவருக்கென்று அளந்து அடித்த பலகை இன்னொரு சுவரில் பொருந்தாது. கீழ்ப்பலகையும் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. அதன் விலை பூச்சியம் என்று வைத்தோம்.

விளம்பரத்தை ikman.lk இலும் பேஸ்புக்கிலும் போட்டோம். கந்தளாய், பொலன்னறுவைப் பக்கமிருந்தும் ஆட்கள் தேடுவார்கள் என்பதால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். 'சலூன் சாமான் விற்பனைக்கு' என்று ஒரே வரியில் முடிக்காமல் ஒவ்வொன்றையும் பிரித்து, வாங்கிய ஆண்டு, அளவு, விற்கும் காரணம், கடை கீழ்த்தளத்தில் இருக்கிறது என்பதுவரை சொன்னோம். இரண்டாவது கதிரைக்கு, "பத்து நிமிடத்தில் இரண்டு அங்குலம் இறங்கும், பம்ப் மாற்ற வேண்டும், அதனால்தான் இந்த விலை" என்று அப்படியே எழுதினோம். அக்கா தயங்கினார். மறைத்தால் வந்து உட்கார்ந்து பார்க்கும் முதல் ஆளே கண்டுபிடித்து, நல்ல கதிரையின் விலையையும் சேர்த்துக் குறைப்பார் என்றேன். போட்டோக்களில் கீழ்த்தட்டும் பம்பும் தெரிந்தன. நல்ல கதிரையில் நான் உட்கார, அக்கா மிதித்து ஏற்றும் 20 செக்கன் வீடியோவும் போட்டோம். முக்கால்வாசிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் அழைத்தார்கள்.

முதல் நாளே ஒருவர், வந்து பார்க்காமலே முழுப் பணமும் போடுகிறேன், உங்கள் போனுக்கு வரும் OTP இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றார். பணம் பெற்றுக்கொள்ள OTP தேவையே இல்லை. அக்கா போனை வைத்துவிட்டார்.

அடுத்து வந்தவர் நல்ல கதிரையை மட்டும் 42,000க்குக் கேட்டார். நல்ல விலைதான், ஆனாலும் வேண்டாம் என்றேன். நல்லது முதலில் போனால் மற்ற இரண்டும் சாவி கொடுக்கும் நாள்வரை கிடந்து, பழைய இரும்பு விலைக்குப் போகும். சாவி கொடுக்க அப்போது மூன்று கிழமை இருந்ததால் பொறுக்க முடிந்தது. ஒரு கிழமைதான் இருந்திருந்தால் நானும் கொடுக்கத்தான் சொல்லியிருப்பேன். ஒன்பதாம் நாள், கந்தளாயில் புதுக்கடை திறக்கும் ஒரு தம்பி வந்து, உட்கார்ந்து, ஆட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மூன்றும் சேர்த்து 96,000 என்றோம். 92,000க்கு முடிந்தது. பணம் கணக்கில் விழுந்ததை வங்கிச் செயலியில் பார்த்த பிறகுதான் சாமானைத் தூக்கவிட்டோம். பற்றுச்சீட்டின் படத்தை யாரும் திருத்தி அனுப்பலாம்.

'பட்டா' லொறியில் ஏற்றும்போது கதிரைகளை நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டச் சொன்னேன். சில வருடம் முந்தி அவசரத்தில் ஒரு கதிரையைப் படுக்கப் போட்டு மூதூருக்கு அனுப்பி, வழியெல்லாம் எண்ணெய் ஒழுகி, புது ரெக்சின் நாறி, என் செலவில் மாற்றிக் கொடுத்தவன் நான்.

கண்ணாடி மேசைகளைக் கழற்றினால் சுவரில் துளை அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். கழற்றாமலே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அடுத்து வருவதும் ஒரு பார்லர்தானாம். அவர் சந்தோசமாகச் சம்மதித்தார், பெயின்ட் செலவும் மிச்சம்.