வைப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் உதவித்தொகை: எவ்வளவு போட வேண்டும்?

கல்லூரியில் அறக்கட்டளை உதவித்தொகை தொடங்குபவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இது: ஆண்டுக்கு ₹20,000 தர வேண்டும், வட்டி 7 சதவீதம், எனவே ₹2,85,714 போட்டால் போதும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் கொடுத்தால் இது சரிதான். ஆனால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், உதவித்தொகையோ அதே ₹20,000-இல் நிற்கும்.

தொகையும் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர வேண்டும், 20 ஆண்டுகளில் முதலும் வட்டியுமாகத் தீர்ந்துவிடலாம் என்றால் வாய்ப்பாடு வேறு:

```
PV = C/(r-g) × [1 - ((1+g)/(1+r))^n]
```

C முதல் ஆண்டு தரும் தொகை, r வட்டி, g உயர்வு, n ஆண்டுகள். எக்செல்லில் இப்படி அடிக்கலாம்:

```
=20000/(0.07-0.05)*(1-(1.05/1.07)^20)
```

விடை சுமார் ₹3,14,337. பணம் போட்டு ஓராண்டு கழித்து முதல் தொகையைத் தருவதாக வைத்த கணக்கு இது. இந்த ஆண்டே தர வேண்டுமென்றால் விடையை 1.07-ஆல் பெருக்க வேண்டும், ₹3,36,341 ஆகும். இருபதாவது முறை தரும் தொகை ஏறக்குறைய ₹50,539. முடிவே இல்லாமல், உயர்வோடு தர வேண்டுமானால் C/(r-g), அதாவது ₹10 லட்சம்.

இனி கணக்குப் புத்தகத்தைப் பார்ப்போம். முதல் ஆண்டு வட்டி ₹22,004, கொடுப்பது ₹20,000. இருப்பு ₹3,16,341 ஆகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் ₹3,17,659. நிதி வளர்கிறதே என்று குழு கூடி இரண்டாவது மாணவருக்கும் கொடுக்கத் தீர்மானம் போடுவது இந்தக் கட்டத்தில்தான். அந்த உபரி பின்னாளில் தர வேண்டிய பெரிய தொகைகளுக்கானது. நான்காம் ஆண்டிலேயே இருப்பு இறங்கத் தொடங்கும். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலிலேயே ஒரு பட்டியல் போட்டு, ஆண்டுதோறும் இருப்பை அதில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். போன ஆண்டு இருப்போடு ஒப்பிடுவது ஏமாற்றும்.

மற்றொரு சிக்கல் வட்டி. டெபாசிட் முதிர்ந்து புதுப்பிக்கும்போது விகிதம் மாறும். தொடக்கத்திலிருந்தே 6 சதவீதம்தான் கிடைத்தால், அதே ₹3,14,337 பதினெட்டு ஆண்டுகளுக்குத்தான் வரும். 20 ஆண்டுகளுக்கு ₹3,45,378 தேவை. r, g இரண்டும் சமமாகிவிட்டால் வாய்ப்பாடு பூஜ்ஜியத்தால் வகுத்து நின்றுவிடும். அப்போது n × C/(1+r) என்று போடுங்கள். எனவே இன்றைய விகிதத்தில் கணக்கிடாமல் ஒரு சதவீதம் குறைத்து வைப்பது நல்லது.

அறக்கட்டளைப் பத்திரத்தின் வாசகமும் முக்கியம். 'வட்டியை மட்டும் செலவிடலாம்' என்று எழுதிவிட்டு இந்த வாய்ப்பாட்டைப் பயன்படுத்தினால், முதலைத் தொடும் ஆண்டில் தணிக்கையாளர் கேள்வி கேட்பார். முதலையும் செலவிடலாம், தொகை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயரும், வட்டி குறைந்தால் உயர்வை நிறுத்தலாம் என்று மூன்றையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.